கடைசி வரிக்குக் கீழே இருந்த பஸ்

06.02.2025, வியாழன்.
இன்றைய தவறு: வருடத்து டிக்கெட் கோப்பைத் திறக்கும்போது ஏதோ ஒரு செய்தி வந்தது. வாசிக்காமல் OK அழுத்திவிட்டேன். கோப்பு திறந்துகொண்டது. பெரிதாக எதுவும் இருக்காது. இருந்தாலும் வாசித்திருக்க வேண்டும்.
நாளை: கோப்பை றம்லத் அக்காவிடம் கொடுப்பது. வகுப்புக்கு வீட்டுப்பாடம்.

புசல்லாவை பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் நெருக்கிக்கொண்டு, மடியில் பையை வைத்து, அதன் மேல் கொப்பியை வைத்துச் சர்மிளா இதை எழுதினாள். எழுத்து கம்பளை வரைக்கும் நேராக இருந்தது. அதற்குப் பிறகு மலை வளைவுகளில் அதுவும் வளைந்தது. ஒவ்வொரு நாளும் தான் செய்த தவறு ஒன்றையாவது எழுதாமல் கொப்பியை மூடுவதில்லை என்பது அவளுக்குப் பழக்கம். தவறே செய்யாத நாள் என்று ஒன்று வந்தால், அன்று தான் கவனமில்லாமல் இருந்துவிட்டதாக அவளுக்குச் சந்தேகம் வரும்.

வேலை செய்த இடம் பேராதனை வீதியில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. தனியார் பஸ் முதலாளிகள் சிலர் சேர்ந்து வைத்திருந்த சிறிய சங்கம் அது. கண்டியிலிருந்து ஆறு வழிகளில் அவர்களுடைய பஸ்கள் ஓடின. எல்லாக் கொண்டக்டரின் கையிலும் டிக்கெட் மெஷின் இருந்தது. ஒரு டிக்கெட் அடித்தால் ஒரு வரி. எந்த வழி, எத்தனை மணி நடை, என்ன திகதி, எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்று அந்த வரி இரவில் போய்ச் சங்கத்தின் கணினியில் உட்கார்ந்துவிடும். வருடம் முடிந்ததும் அத்தனை வரியையும் ஒரே கோப்பாக இறக்கி, எந்த நடைக்கு நாளொன்றுக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு, மாகாணப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகக் குறைவாக ஆள் ஏறும் நடையை அவர்கள் நிறுத்தலாம். இறக்கித் திறந்து கொடுப்பது சர்மிளாவின் வேலை. அட்டவணை போடுவது றம்லத்தின் வேலை. கையெழுத்துப் போடுவது செயலாளர் பவாஸின் வேலை.

அந்தக் கணினியோ ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும் ஜாதி. உரிமம் காலாவதியாகிறது என்று ஒரு பெட்டி, வைரஸ் காவலைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு பெட்டி, அச்சு இயந்திரம் அகப்படவில்லை என்று ஒரு பெட்டி. காலையிலிருந்து மாலை வரை OK, OK என்று அழுத்தி அழுத்தி அங்கே வேலை செய்தவர்களின் விரல்களுக்கு வாசிக்கிற பழக்கமே போய்விட்டிருந்தது. சர்மிளாவின் விரலும் அந்த விரல்தான்.

அட்டவணை போய்ச் சேர்ந்தது. பதினேழாம் திகதி திங்கட்கிழமை பதில் வந்தது. பவாஸ் அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு மாதிரியான நிம்மதியோடு வாசித்தார். அவர் ஐம்பதைத் தாண்டிய மனிதர். எதையும் சத்தமாக வாசித்தால்தான் அவருக்கு விளங்கும்.

"மார்ச் முதலாம் திகதியிலிருந்து புசல்லாவை வழியின் இரவு ஏழேகால் நடை நிறுத்தப்படும். அந்த பஸ் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மாற்றப்படும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லதுதானே. சராசரி பதினஞ்சு பேர். பதினஞ்சு பேருக்கு அந்த மலையெல்லாம் டீசலை ஊத்த ஏலுமா?"

சர்மிளாவுக்கு வாயில் இருந்த தேநீர் கசந்தது.

ஏழேகால் நடை அவளுடைய பஸ். வேலை முடிந்து, மாலைக் கணினி வகுப்பு முடிந்து, ஓடிப் போய்ப் பிடிக்கிற பஸ். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எந்த பஸ்ஸும் இல்லை. அது நின்றால் வகுப்பு நிற்க வேண்டும். டிப்ளோமா முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. கண்டியில் அறை எடுத்துத் தங்குவதெல்லாம் அவளுடைய சம்பளத்துக்கு நினைத்துப் பார்க்கிற காரியமே இல்லை.

"புசல்லாவைப் பக்கம் எல்லா நடையுமே கொறைஞ்சுதான் ஈக்கு," என்றாள் றம்லத், திரையைப் பார்த்தபடியே. "தோட்டத்துல ஆள் எங்க ஈக்குது? பொடியன்மார் எல்லாம் கொழும்புக்குப் போய்ட்டாங்க."

"அதுதானே," என்றார் பவாஸ். "நான் அப்பவே சொன்னேன்."

யாருக்கும் ஆச்சரியமாக இருக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஆள் குறைந்துவிட்டது என்பது எல்லோரும் எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பதுதான். எண் வந்து அதற்குச் சரி என்று தலையாட்டியபோது, அந்த எண்ணைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அன்று மாலை வகுப்பில் சொன்னது எதுவும் சர்மிளாவின் காதில் ஏறவில்லை. ஏழு மணிக்கு இறங்கி ஓடினாள். பஸ்ஸின் முன்வாசலில் கால் வைக்க இடம் இல்லை. ஜெயராணி அக்கா ஜன்னலுக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். அவள் கண்டியில் ஒரு துணிக்கடையில் தையல் பகுதியில் வேலை செய்பவள்.

"இங்க வாடி! ஒன் பைய வச்சு எடம் புடிச்சிருக்கேன். ஒரு அம்மா வந்து, பைக்கு டிக்கெட் எடுத்திருக்கியான்னு சண்டைக்கு வந்துட்டா."

"என் பை எங்கிட்ட இருக்குக்கா."

"அட, அப்ப இது யாரு பை?" ஜெயராணி மடியில் இருந்த கறுப்புப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சர்மிளா அரை இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்தாள். வலது தோளில் யாரோ ஒருத்தியின் மரக்கறிக் கூடை இடித்துக்கொண்டே வந்தது.

கொண்டக்டர் சதீஸ் நசுங்கி நசுங்கி வந்தான். "தள்ளுங்க, தள்ளுங்க, பின்னாடி எடம் இருக்கு. கம்பளை யாரு? தொழுவ யாரு?" அவன் கையில் மெஷின் டிர்ர், டிர்ர் என்று தாளைத் துப்பிக்கொண்டிருந்தது.

சர்மிளா எண்ணினாள். எண்ணாமல் இருக்க அவளால் முடியவில்லை. உட்கார்ந்தவர்கள், நின்றவர்கள், வாசலில் தொங்கியவர்கள். வாசலில் மட்டுமே பதினைந்து பேர் இருந்தார்கள்.

"அக்கா, இந்த பஸ்ஸ நிறுத்தப் போறாங்க."

ஜெயராணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "எந்த பஸ்ஸ?"

"இந்த பஸ்ஸதான். மார்ச்லருந்து. ஆள் இல்லையாம்."

"ஆள் இல்லையா?" ஜெயராணி மூச்சு விட இடமில்லாமல் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எவன் சொன்னான்? ஏறி வந்து பாக்கச் சொல்லு அவன. நான் கடைய விட்டு வர்றதே ஏழு மணிக்கு. நடந்தா போவேன்?"

எங்கள் அலுவலகம்தான் சொன்னது, கோப்பைத் திறந்து கொடுத்தது நான்தான் என்று அந்தக் கூட்டத்துக்குள் சர்மிளா எப்படிச் சொல்வாள்? கொப்பியையும் எடுக்கவில்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தாள். நான் ஏறுகிற நாட்களில் மட்டும்தான் கூட்டமோ? சனி, ஞாயிறில் காலியாக ஓடுமோ? விடுமுறை மாதங்களில்? கண்ணால் பார்த்ததைக் காட்டிலும் எண் சரியாகத்தானே இருக்க வேண்டும். அதைத்தானே வகுப்பிலும் படிக்கிறாள்.

மறுநாள் காலை பவாஸின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். மனத்துக்குள் மூன்று தடவை ஒத்திகை பார்த்திருந்தும் வார்த்தை வேறுமாதிரி வந்தது.

"சேர், அந்த ஏழேகால் பஸ்... அதுல நிறையப் பேர் வர்றாங்க சேர். நேத்தும் நிக்க எடம் இல்ல."

பவாஸ் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "மகள், நீங்க அந்த பஸ்லதானே போறது?"

"ஆமா சேர்."

"அப்ப நீங்க வேறென்ன சொல்லுவீங்க? என்ட மச்சானும் அப்படித்தான். அவன்ட கடைக்கு முன்னால பஸ் நிப்பாட்டணும் எண்டு பதினஞ்சு வருஷமா சொல்றான். அங்க ஏற ஒரு பூனையும் இல்ல."

றம்லத் திரைக்குப் பின்னால் சிரித்தாள். சர்மிளாவும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நெசமாவே கூட்டம் சேர். பதினஞ்சு இல்ல. அம்பதுக்கு மேல."

பவாஸின் முகம் மாறியது. அவர் முன்னால் குனிந்தார். "அம்பது பேர் ஏறி, பதினஞ்சு டிக்கெட்தான் அடிச்சிருந்தா, மத்த முப்பத்தஞ்சு பேரும் குடுத்த சல்லி எங்க? யாரு அதுல கொண்டக்டர்? சதீஸா?"

"இல்ல சேர், அவரு எல்லாருக்கும் டிக்கெட் அடிக்கிறாரு. நான் பாத்தேன்."

"பாத்தீங்களா, நல்லம். அப்ப ரெண்டுல ஒண்டு. ஆள் இல்ல. இல்லாட்டி அவன் அடிக்கல்ல. எது? சொல்லுங்க, நான் முதலாளிக்கு இப்பவே கோல் எடுக்கிறேன்."

"வேணாம் சேர்," என்றாள். அது மட்டும் சட்டென்று வந்தது.

தன் கதிரைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பஸ்ஸைக் காப்பாற்றப் போய் ஒருவனைக் கள்ளனாக்கப் பார்த்துவிட்டாள். இன்னும் ஒரு தடவை கூட்டம் என்று வாய் திறந்தால் சதீஸின் வேலை போய்விடும். திறக்காவிட்டால் பஸ் போய்விடும். ஆனால் மெஷின் டிர்ர், டிர்ர் என்றதை அவள் காதாலேயே கேட்டிருந்தாள். டிக்கெட் அடிபட்டிருந்தால் வரி இருக்க வேண்டும். வரி இருந்தால் எண்ணில் வர வேண்டும். ஆளும் இருக்கிறது, டிக்கெட்டும் இருக்கிறது என்றால், பவாஸ் சேர் சொன்ன இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டும்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் றம்லத் கீழே போனாள். சர்மிளா சோற்றுப் பொதியைப் பிரிக்காமல், தான் அன்று சேமித்துக் கொடுத்த கோப்பைத் திறந்தாள். இந்தத் தடவை எந்தச் செய்தியும் வரவில்லை. அமைதியாகத் திறந்தது. றம்லத்துக்கும் இப்படித்தான் திறந்திருக்கும்.

வழி என்ற நிரலில் புசல்லாவையை மட்டும் வடிகட்டினாள். பிறகு திகதி நிரலின் மேலிருந்த சிறிய அம்பை அழுத்தினாள். மாதங்களின் பெயர்கள் கீழே விரிந்தன. ஜனவரி. பெப்ரவரி. மார்ச்.

அவ்வளவுதான்.

வடிகட்டியை மாற்றிப் பிலிமத்தலாவையைப் போட்டாள். பன்னிரண்டு மாதமும் வரிசையாக வந்தன. கலகெதர, பன்னிரண்டு. மற்ற மூன்று வழிகளும் அப்படியே. திரும்பவும் புசல்லாவை. ஜனவரி, பெப்ரவரி, மார்ச்.

மெஷின்கள் மார்ச்சோடு பழுதாகிவிட்டனவா? அந்த வழியில் ஓடும் நான்கு பஸ்ஸிலும் ஒரே நாளிலா? அவள் வடிகட்டியை எடுத்துவிட்டு, Ctrl-உடன் கீழ் அம்பை அழுத்தினாள். திரை ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு அடிக்குப் போய் நின்றது. இடது ஓரத்தில் வரி எண்: 1048576.

அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். வெற்றுத் தாளில் தவறுதலாக அம்பை அழுத்தினாலும் அந்த எண்ணில்தான் போய் நிற்கும். தாளுக்கு அதற்குக் கீழே வரி கிடையாது. ஆனால் இது வெற்றுத் தாள் இல்லை. கடைசி வரியில் எழுத்து இருந்தது. புசல்லாவை, மார்ச் மாதக் கடைசி, காலை நடை, கம்பளையில் ஏறிப் பேராதனையில் இறங்கிய யாரோ ஒருவர். வருடம் அவரோடு முடிந்துவிட்டது. தாளின் விளிம்பில், பானை நிரம்பி வழிவதைப் போலக்கூட இல்லாமல், ஒரு சொட்டும் வெளியே தெரியாமல்.

அவள் மெஷின்களிலிருந்து இறக்கிய மூலக் கோப்பைத் தேடி எடுத்தாள். அதைத் திரும்பவும் திறந்தாள். சிறிது நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு நடுத்திரையில் பெட்டி வந்தது. அவளுடைய விரல் தானாக OK-யின் மேல் போனது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வாசித்தாள். தரவு இந்தத் தாளுக்குள் அடங்காத அளவு பெரியது, இப்படியே சேமித்தால் ஏற்றப்படாத தரவை இழப்பீர்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டே வாக்கியம். வாசிக்க ஒரு மூச்சு நேரம் போதும்.

சோற்றுப் பொதி மூடியபடியே கிடந்தது.

எத்தனை வரி விழுந்தது என்று தெரிய வேண்டும். கட்டளைகளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, கோப்பைத் திறக்காமலே வரிகளை மட்டும் எண்ணுகிற கட்டளையை அடித்தாள். வகுப்பில் படித்த ஒன்று. இதெல்லாம் எதற்கு உதவும் என்று அன்று நினைத்திருந்தாள். பதில் வந்தது: 1262318. தலைப்பு வரி ஒன்றைக் கழித்தாள். தாளில் இருந்ததிலும் தலைப்பைக் கழித்தாள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தாள். இரண்டு இலட்சத்துப் பதின்மூவாயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டு டிக்கெட்.

அவை ஏன் புசல்லாவையிலிருந்து மட்டும் போயின என்பதும் விளங்கியது. சங்கத்தில் எந்த வழி எப்போது சேர்ந்ததோ அந்த ஒழுங்கில்தான் மெஷின்களின் மென்பொருள் வழிகளை அடுக்கும். புசல்லாவை வழி கடைசியாகச் சேர்ந்தது. முதல் ஐந்து வழிகளும் முழுமையாக ஏறிவிட்டன. ஆறாவது ஏறிக்கொண்டிருக்கும்போது தாள் முடிந்தது. மூன்று மாதத்து டிக்கெட்டை வைத்துக்கொண்டு, முழு வருடமும் ஓடிய நாட்களால் றம்லத் வகுத்திருக்கிறாள். அவள் கணக்கில் பிழையே இல்லை. கொடுத்ததைத்தான் வகுத்தாள்.

றம்லத் திரும்பி வந்தபோது சர்மிளா இன்னும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள, பேய் பாத்த மாதிரி ஈக்கிறாய்?"

சர்மிளா சொன்னாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். றம்லத் குனிந்து கடைசி வரியின் எண்ணைப் பார்த்தாள். நிமிர்ந்து சர்மிளாவைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

"யா அல்லாஹ். நான் ரெண்டு நாளா அந்தத் தாளோட மல்லுக்கட்டினேனே. எனக்கும் ஒண்டும் சொல்லலியே அது."

"ஒங்களுக்குச் சொல்லாதுக்கா. எனக்குத்தான் சொன்னிச்சு. நான் கேக்கல."

"பவாஸ் சேருக்குச் சொல்லப் போறியா?"

"மொதல்ல சரியான கணக்கு எடுக்கணும். இல்லாட்டி நான் என் பஸ்ஸுக்காகக் கதை கட்டுறேன்னுதான் நெனைப்பாரு."

றம்லத் தலையை ஆட்டினாள். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள் என்று அந்தத் தலையாட்டலில் இருந்தது.

அன்று பின்னேரமும் புதன்கிழமை முழுவதும் அதிலேயே போயின. ஒரே கோப்பாக இறக்காமல், ஜனவரிக்கு ஒன்று, பெப்ரவரிக்கு ஒன்று என்று பன்னிரண்டு கோப்புகளாக இறக்கினாள். ஒவ்வொன்றையும் திறக்க முன்னர் கறுப்புத் திரையில் எண்ணினாள். திறந்த பின் தாளில் கடைசி வரி எண்ணைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் அடுத்ததற்குப் போனாள். கணினி பழையது. ஒவ்வொரு கோப்புக்கும் அது பெருமூச்சு விட்டது. அவளும் விட்டாள்.

பன்னிரண்டையும் கூட்டினாள். பெரிய கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டாள். பதினொன்று கூடுதலாக இருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு இலட்சம் தொலைந்தபோது வராத அழுகை இந்தப் பதினொன்றுக்கு வந்தது. ஏதோ ஒரு மாதத்தை இரண்டு தடவை இறக்கிவிட்டாளா? ஏதாவது ஒரு நாள் இரண்டு கோப்பிலும் விழுந்ததா? ஒவ்வொரு கோப்பிலும் முதல் நாளையும் கடைசி நாளையும் மீண்டும் சரிபார்த்தாள். எங்கும் பிழை இல்லை. கதிரையில் சாய்ந்து, முகட்டுத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தலைப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு தலைப்பு வரி. பெரிய கோப்பில் ஒன்று, சிறியவற்றில் பன்னிரண்டு. வித்தியாசம் பதினொன்று.

"றம்லத் அக்கா," என்றாள். "சரியா வருது."

இருவரும் சேர்ந்து அட்டவணையைத் திரும்பப் போட்டார்கள். மாதம் மாதமாகக் கூட்டி, ஓடிய நாட்களால் வகுத்தார்கள். மற்ற ஐந்து வழிகளிலும் ஓர் எண்கூட மாறவில்லை. புசல்லாவையின் எல்லா நடைகளும் எழும்பின. ஏழேகால் நடை: பதினைந்து இல்லை, ஐம்பத்தெட்டு.

றம்லத் மெதுவாக அட்டவணையைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கச் சொன்னாள். சர்மிளா அடுக்கினாள். முதல் வரியில் வேறொரு பெயர் வந்து நின்றது. கலகெதர, மாலை ஆறே முக்கால். இருபத்திரண்டு பேர்.

றம்லத்தின் வீடு கலகெதரயில்.

"என்ட தங்கச்சி ஸக்கியா அதிலதான் வாற," என்றாள் றம்லத். "பார்மஸி பூட்டினதுக்குப் பொறகு."

"அக்கா, நான்..."

"நீ என்ன செய்ற? இருபத்திரண்டு எண்டா இருபத்திரண்டுதான். முந்தியும் இருபத்திரண்டுதான் இருந்திச்சு. ஒங்கட பஸ் அதுக்குக் கீழ நிண்டதால யாருக்கும் தெரியல்ல." அவள் முக்காட்டைச் சரி செய்தாள். "ஒண்டு மட்டும் செய். இப்ப நீ சேர்ட்ட போய்ச் சொல்லக்குள்ள, றம்லத்தும் பாத்தா எண்டு சொல்லு. அப்பதான் அவர் நம்புவார். ஒன்ட பஸ் மேல வருது, என்ட பஸ் கீழ போகுது. பொய் சொல்றதெண்டா நான் எதுக்கு அதுக்குச் சாட்சி சொல்லணும்?"

சர்மிளாவுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. சொன்னால் அது கூடாத நன்றியாக இருக்கும் என்றும் தோன்றியது. புதிய அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு எழுந்தாள். றம்லத்தும் எழுந்தாள்.

பவாஸ் முழுவதையும் கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை. அதுவே அவருக்கு வழக்கமில்லாத காரியம். பிறகு இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சத்தமாக வாசித்தார். கலகெதர வரியில் வந்ததும் நிமிர்ந்து றம்லத்தைப் பார்த்தார்.

"இது நீயும் பாத்ததா?"

"ஓ. ரெண்டு தரம்."

"தங்கச்சி வாற பஸ் இல்லியா இது?"

"அதேதான்."

பவாஸ் தாள்களைக் கீழே வைத்தார். முகத்தை இரு கைகளாலும் துடைத்தார். "நான் கையெழுத்துப் போட்டு அனுப்பி, அவங்க முடிவெடுத்து, கடிதமும் வந்து... இப்ப போய்ப் பிழை எண்டு சொன்னா என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?" யாரிடமும் கேட்கவில்லை அவர். "அந்த எழவு பிடிச்ச பெட்டி எனக்கும் வாறதுதான். நான் எப்பவாச்சும் வாசிச்சேனா? இல்ல."

"பிழை என்னோடது சேர்," என்றாள் சர்மிளா. "OK அழுத்துனது நான்."

"அது தெரியும். நேத்து நான் சதீஸைக் கள்ளன் எண்டேன். அது யாருட பிழை?" அவர் தொலைபேசியை எடுத்தார். மாகாண அலுவலகத்தில் யாரோ ஒருவரோடு சிங்களத்தில் நீண்ட நேரம் பேசினார். சமாளித்தார், சிரித்தார், திரும்பவும் சமாளித்தார். கடைசியில் சரி, சரி என்பதற்கு "ஹரி, ஹரி" என்று சொல்லி வைத்தார்.

"ஏழேகால இப்போதைக்கு நிப்பாட்டல்லயாம். கடிதத்த வாபஸ் எடுக்கிறதெண்டா புதுக் கணக்கோட நேர்ல வரணுமாம். எப்படிப் பிழைச்சது எண்டு விளங்கப்படுத்தணுமாம். நாளைக்குப் பத்து மணிக்கு." அவர் சர்மிளாவைப் பார்த்தார். "எனக்கு அந்த வரி, தாள், கறுப்புத் திரை எல்லாம் விளங்கப்படுத்த ஏலாது மகள். நீங்கதான் வரணும்."

"அப்ப கலகெதர?" என்றாள் றம்லத்.

பவாஸ் அவளை நேரே பார்க்கவில்லை. "அத அவங்க முடிவு செய்வாங்க. கணக்கு இதுதான்."

அன்று சர்மிளா வகுப்புக்குப் போகவில்லை. போனாலும் கண் மூடியிருக்கும். பஸ் நிலையத்தில் நேரத்தோடு போய் உட்கார்ந்திருந்தாள். ஏழேகால் வந்தபோது, வழக்கம்போல் அடித்துப்பிடித்து ஏறினார்கள். ஜெயராணி அக்கா இடம் பிடித்துவைத்திருந்தாள். இந்தத் தடவை சொந்தப் பையை வைத்து.

"என்னடி, பஸ்ஸ நிறுத்துறானுங்களா இல்லையா?"

"தெரியலக்கா. நிறுத்த மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?" ஜெயராணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் கேட்கவில்லை. "சரி, தூங்கு. புசல்லாவை வந்தா எழுப்புறேன்."

சதீஸ் வந்தான். டிக்கெட்டை நீட்டினான். சர்மிளா அதை வாங்கி, அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தாள். கலகெதரப் பக்கம் போகிற பஸ் இந்நேரம் போயிருக்கும். அதில் இருபத்திரண்டு பேர், அல்லது இன்றைக்கு இருபது பேர், அல்லது முப்பது. சராசரிக்கு அவர்களுடைய முகம் தெரியாது. ஸக்கியாவை அவளுக்கும் தெரியாது. ஒரு தடவை அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்து, வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனவள். அதற்கு மேல் ஒன்றும் நினைவில் இல்லை.

தூக்கம் வரவில்லை. கொப்பியை எடுத்தாள்.

19.02.2025, புதன்.
இன்றைய தவறு: றம்லத் அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.
வகுப்பு: போகவில்லை.
நாளை: பத்து மணிக்கு மாகாண அலுவலகம், பவாஸ் சேருடன். மாத அட்டவணை பன்னிரண்டும் மூன்று பிரதிகள். வரி எண்ணிக்கை தனித்தாளில். எப்படித் தொலைந்தது என்பதைச் சிங்களத்தில் சொல்லிப் பழக வேண்டும். கலகெதரயின் இருபத்திரண்டையும் வெறும் சராசரியாக விடாமல், மாதம் மாதமாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போவது. கேட்டால் காட்டுவது. கேட்காவிட்டாலும் காட்டுவது.